மூடிய கார்டும் 590 ரூபாயும்

வீட்டுக் கடன் கேட்டுப் போன வங்கியில் மேனேஜர் திரையைப் பார்த்துவிட்டு, "ஸ்கோர் 641 தான் சார் வருது, கார்டுல ஓவர்டியூ இருக்கு" என்றார். என்னிடம் கார்டே கிடையாது. இருந்த ஒன்றையும் மூடி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அன்றிரவே, நம் கடன் வரலாற்றைப் பதிந்து ஸ்கோர் போடும் நிறுவனமான சிபிலின் தளத்தில் முழு அறிக்கையை எடுத்தேன். வருடத்துக்கு ஒரு முறை இலவசம். நாமே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. மூடிய கார்டு அதில் உயிரோடு இருந்தது. கணக்கின் கீழே மாதத்துக்கு ஒரு கட்டம். கெடு தாண்டி எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான் அதிலுள்ள எண். 000, 000 என்று போன வரிசை திடீரென்று 028, 059, 089 என்று ஏறியது. காரணம், மூடிய பிறகு போட்ட ஆண்டுக் கட்டணம் 500, ஜிஎஸ்டி 90. அந்தக் கட்டத்தில் நாள்தான் ஏறும். பாக்கி 590 ஆனாலும் 5 லட்சம் ஆனாலும் 089 என்றால் 089 தான்.

கட்டித் தொலைத்துவிடலாம் என்று தோன்றியது. கட்டினால் பாக்கி பூஜ்யமாகும், பழைய கட்டங்கள் அப்படியேதான் இருக்கும். கஸ்டமர் கேரில் "செட்டில் பண்ணிடலாம் சார்" என்றார்கள். அது இன்னும் மோசம். 'Settled' என்று விழுந்தால், முழுசாகக் கட்டாமல் பேரம் பேசி முடித்தவன் என்று அர்த்தம்.

அறிக்கையின் மேலே இருக்கும் கன்ட்ரோல் நம்பரைப் போட்டு ஆன்லைனில் டிஸ்ப்யூட் பதிவு செய்தேன். மூன்று வாரத்தில் பதில்: தகவல் சரிதான் என்று வங்கி சொல்கிறதாம். சிபில் தானாக எதையும் திருத்தாது, வங்கியைக் கேட்டு அது சொல்வதைத்தான் போடும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆக, மல்லுக்கட்ட வேண்டிய இடம் வங்கி.

கார்டை மூடியதை உறுதி செய்து வந்த பழைய மின்னஞ்சலைத் தேடிப் பிடித்து, வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு அனுப்பினேன். கேட்டது மூன்று: கட்டணத்தை ரத்து செய்யுங்கள், மூடிய தேதியைச் சரியாகப் போடுங்கள், அதற்குப் பிந்தைய தாமத நாட்களை நீக்குங்கள். மூன்றாவதைத் தனியாக எழுதாவிட்டால் முதலிரண்டை மட்டும் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். புகார் 30 நாளில் தீராவிட்டால் அதற்கு மேல் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி விதியையும், அடுத்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மேனிடம் போவேன் என்பதையும் கடைசி வரியில் சேர்த்தேன். 24ஆம் நாள் திருத்தம் வந்தது. ஸ்கோர் 738.

ஒன்று மட்டும் போகவில்லை. முதல் வங்கி மறுத்த கடுப்பில் ஒரே வாரத்தில் வேறு நான்கு இடங்களில் விண்ணப்பித்திருந்தேன். நாம் கடன் கேட்ட இடங்களைக் காட்டும் 'Enquiries' பகுதியில் நான்கும் வரிசையாக நிற்கின்றன. அவை உண்மையிலேயே நான் கேட்டவை, டிஸ்ப்யூட் செய்ய வழியில்லை.