எண் பலகையை வாசித்தேன், பின்னால் வந்த காரைப் பார்க்கவில்லை

பிரிட்டனில் ஓட்டுநர் தேர்வு தொடங்கும் முன் 20 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் எண் பலகையை வாசித்துக் காட்ட வேண்டும். கடகடவென்று வாசித்தேன். அடுத்த அரை மணி நேரத்துக்குள், நல்ல வெயிலில், பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு முழுக் காரைக் கவனிக்காமல் அதன் முன்னால் போய் நுழைந்தேன். சிறு பிழைகள் 15 வரை பொறுத்துக்கொள்வார்கள், எனக்கு ஐந்துதான். ஆனால் கடும் பிழை ஒன்று வந்தாலே தோல்வி. என்னுடையது அந்த ஒன்று.

ஊர் உரிமத்தை வைத்துக்கொண்டு இங்கே 12 மாதம்தான் ஓட்டலாம். அது முடிந்ததால் மறுபடி மாணவனானேன். எழுத்துத் தேர்வு சிக்கலில்லை. முதலில் கிடைத்த செய்முறைத் தேர்வு நாளில் தற்காலிக உரிம அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய், கட்டிய பணத்தையும் எடுத்த விடுப்பையும் இழந்து திரும்பினேன். அட்டையைக் காட்டாவிட்டால் காரில் ஏறவே விடமாட்டார்கள். முதல் நாள் இரவே பைக்குள் வைத்துவிடுங்கள்.

தோல்விக்கு வருகிறேன். ஊருக்கு வெளியே டூயல் கேரேஜ்வே, போகவும் வரவும் நடுவில் பிரித்த சாலை. மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 112 கிலோமீட்டர் வரை போகலாம். இடப்பக்கத் தடத்தில் 60 மைலில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் மேட்டில் ஒரு லாரி திணறிக்கொண்டிருந்தது. என் கண் அதன் பின்கதவில் போய் ஒட்டிக்கொண்டது. நானும் 50-க்கு இறங்கினேன். பிறகுதான் முந்தலாம் என்று தோன்றியது. சிக்னல் போட்டேன், வலப்பக்கக் கண்ணாடியை ஒரு நொடி பார்த்தேன், கார் ஒன்று தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது, திருப்பிவிட்டேன். அந்தக் கார் பிரேக் அடித்து மூக்கைத் தாழ்த்தியதை அதற்குப் பிறகே பார்த்தேன். தேர்வாளர் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த பலகையில் விரலால் தட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "கண்ணாடியைப் பார்த்தேனே, பார்த்தேனே" என்று பயிற்சியாளரிடம் வாதாடினேன். யாழ்ப்பாணத்துக்காரர், இலண்டனில் பல வருடமாகக் கற்றுக்கொடுப்பவர். "பார்த்தீர்கள் தம்பி, ஆனால் பிந்திப் பார்த்தீர்கள்" என்றார். அடுத்த வகுப்பில் அதே சாலைக்குக் கூட்டிப்போய்க் கணக்குப் போட்டுக் காட்டினார். நான் 50, அவன் 70. வித்தியாசம் 20 மைல். நொடிக்கு ஒன்பது மீட்டர். லாரியை வெறித்துக்கொண்டிருந்த பத்து நொடியில் அவன் 90 மீட்டர் நெருங்கிவிட்டான். கடைசியாக நான் நடுக்கண்ணாடியைப் பார்த்தபோது புள்ளியாக இருந்தவன் வாசலுக்கே வந்துவிட்டான். போதாக்குறைக்குப் பக்கக் கண்ணாடி குவிந்தது. நிறைய இடத்தைக் காட்டும், ஆனால் எல்லாவற்றையும் சிறிதாக்கி, தள்ளி நிற்பதுபோல் காட்டும். நடுக்கண்ணாடி தட்டை, அது பொய் சொல்லாது. அதனால்தான் முதலில் நடுக்கண்ணாடி, பிறகு பக்கக் கண்ணாடி என்ற வரிசை. அதை நான் சடங்காகவே செய்துவந்திருக்கிறேன்.

எனக்கு இன்னொரு சந்தேகம். பக்கத்தில் ஒரு கார் வருவது ஓரக்கண்ணுக்கே தெரிய வேண்டாமா? மதுரையில் ஒன்பது வருடம் ஓட்டியவன் நான். அங்கே பின்னால் வருபவனே ஹாரன் அடித்துத் தன் இருப்பைச் சொல்லிவிடுவான். லாரிகளே "ஒலி எழுப்பு" என்று எழுதிக்கொண்டு திரிகின்றன. அந்த வேகத்தில் ஓரக்கண்ணும் காதுமாக ஓட்டிவிடலாம். இங்கே யாரும் ஹாரனைத் தொடுவதில்லை, வேகமோ இரண்டு மூன்று மடங்கு.

பயிற்சிப் படங்களில் வேகம் கூடக்கூடப் பார்வை கூம்பாகச் சுருங்குவதுபோல் வரைந்திருப்பார்கள். அதைப் பார்த்தால் விழியே சுருங்குவதுபோல் தோன்றும். அப்படி இல்லை. விழியின் வீச்சு நின்றாலும் ஓடினாலும் ஒன்றுதான். எப்போதுமே நாம் கூர்மையாகப் பார்ப்பது நீட்டிய கையின் கட்டைவிரல் நகத்தளவு இடத்தைத்தான். மற்றதெல்லாம் மங்கல், கண்ணைச் சுழற்றிச் சுழற்றித்தான் நிரப்பிக்கொள்கிறோம். வேகத்தில் சாலையோரம் கண்ணுக்குப் பட்டையாக ஓடுகிறது, பிரித்தறிவதற்குள் போய்விடுகிறது. சாலையில் அசையாமல் நிற்பது தூரத்து மையம் மட்டுமே, அல்லது நமக்கு முன்னால் அதே வேகத்தில் போகும் வண்டி. கண் அதைப் பிடித்துக்கொள்கிறது. பதற்றமும் சேர்ந்தால் ஓரத்தில் விழுவதை மூளை கணக்கிலேயே எடுப்பதில்லை. என்னைப் பிடித்துக்கொண்டது லாரியின் பின்கதவு.

மருந்தாக மூன்று வாரம் பயிற்சியாளர் அண்ணன் என்னை வாய் ஓயாமல் பேச வைத்தார். பார்ப்பதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். "அந்தப் பலகை, இணைப்புச் சாலை, அதில் வெள்ளை வேன்" என்று நான் சொன்னதும், அந்த இடத்தை அடையும்வரை அவர் நொடிகளை எண்ணுவார். முதல் நாள் நான்கு நொடியைத் தாண்டவில்லை. 70 மைலில் நான்கு நொடி என்பது சுமார் 125 மீட்டர். அந்த வேகத்தில் சாலை விதிப் புத்தகம் சொல்லும் நிறுத்தும் தூரம் 96 மீட்டர். அதாவது நான் பார்த்துக்கொண்டிருந்தது ஏறக்குறைய பிரேக் பிடிக்க வேண்டிய எல்லையைத்தான். 30 மைலில் 23 மீட்டர் போதும். அந்தப் பழக்கத்தையே இங்கும் கொண்டுவந்திருந்தேன். பன்னிரண்டு நொடிக்கு வந்தபின்தான் விட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கண்ணாடியைப் பார்க்க ஏறக்குறைய ஒரு நொடி; 70 மைலில் அதற்குள் 31 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போன மாதிரி. முன்னால் கிட்டே இருப்பதையே பார்த்து ஓட்டுபவனுக்கு அந்த நொடியைச் செலவழிக்கத் துணிவு வராது. அதனால் அவன் பின்னால் பார்க்கவேமாட்டான். பன்னிரண்டு நொடித் தூரம் கையில் இருந்தால் அந்த ஒரு நொடி தாராளம். லாரி மெதுவாகப் போவதை முன்பே பார்த்திருந்தால், வேகத்தை இழக்காமல், இரண்டு முறை கண்ணாடி பார்த்து, இடைவெளியைத் தேர்ந்தெடுத்து முந்தியிருப்பேன்.

கண்ணாடிக்கு அவருடைய பரீட்சை கொடூரமானது. திடீரென்று நடுக்கண்ணாடியைக் கையால் மறைத்து, "பின்னால் என்ன?" என்பார். வண்டி மட்டும் போதாது, நிறம், நெருங்குகிறதா விலகுகிறதா, எல்லாம் சொல்ல வேண்டும். ஒருமுறை "ஒன்றுமில்லை" என்றேன். கையை எடுத்தார்: பால் டேங்கர். தேர்வாளருக்குத் தெரியும்படி தலையைப் பெரிதாக ஆட்டுங்கள் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். பார்த்ததற்கு ஏற்ப நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் அவர்கள் கவனிக்கிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. வேகச் சாலையிலிருந்து இறங்கும்போது கண் பழைய வேகத்துக்கே பழகியிருக்கும். 40 மைல் ஊர்வதுபோல் இருக்கும். கண்ணை நம்பாமல் வேகமானி முள்ளைப் பாருங்கள். இரண்டாவது தேர்வில் இறங்குசாலையில் 40 என்று நினைத்தபோது முள் 48-ல் நின்றது. வேக எல்லைப் பலகைக்கு முன்பே பார்த்ததால் தப்பித்தேன்.

தோற்றால் பத்து வேலை நாள் கழித்துத்தான் மறுதேர்வு என்பது விதி. உண்மையில் நாள் கிடைக்க மாதங்கள் ஆனது. இம்முறை மூன்று சிறு பிழை, தேர்ச்சி. வெளியே காத்திருந்த அண்ணனிடம் தாளை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"கடைசித் திருப்பத்தில் பின்னால் என்ன வந்தது?"

"சிவப்பு வண்டி அண்ணா, தபால்காரருடையது. நெருங்கி வந்து விலகிப்போனது."

அதற்குப் பிறகுதான் கையை நீட்டினார்.