படச்சுருக்கி நாட்குறிப்பு: முழுப் படத்தையும் விரிக்காமல் சிறிதாக்குதல்

3 பிப்ரவரி 2025

திருமணப் படங்கள் எடுக்கும் நண்பர் ஒருவருக்காக ஒரு சிறிய கட்டளைவரி நிரலைத் தொடங்கியிருக்கிறேன். அவருடைய கேமரா எழுதும் ஒவ்வொரு ஜேபெக் படமும் 6000×4000 பிக்சல், அதாவது 24 மெகாபிக்சல் அளவுடையது. வாடிக்கையாளர் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்கு 1200×800 போதும். ஸ்டூடியோவின் விண்டோஸ் கணினியில் புதிதாக எதையும் நிறுவ அவர் விரும்பவில்லை. ஆகவே ஒரே ஒரு `.exe` கோப்பு, அதை எந்தக் கோப்புறையில் போட்டாலும் ஓட வேண்டும் என்பது முதல் நிபந்தனை, வேகம் இரண்டாவது.

மொழியைத் தேர்ந்தெடுப்பதில் அதிக நேரம் செலவிடவில்லை. தனித்து இயங்கும் கோப்பை உருவாக்குவது கோ மொழியில் மிக எளிது. `CGO_ENABLED=0` என்று வைத்து `go build` செய்தால் போதும். ஆனால் அதன் `image/jpeg` நூலகம் எப்போதும் படத்தை முழு அளவிலேயே பிக்சல்களாக விரித்துத் தருகிறது. வேறு வழியில் விரிக்க வேண்டுமென்றால் சி மொழி நூலகத்தை இணைக்க வேண்டியிருக்கும். அப்போது கோ மொழியைத் தேர்ந்தெடுக்கும் காரணமே போய்விடும். ரஸ்டில் முழுக்க ரஸ்டிலேயே எழுதப்பட்ட `jpeg-decoder` இருக்கிறது, அது சிறிய அளவிலும் விரித்துத் தரும். அந்த ஒரு வசதிக்காகவே ரஸ்ட்.

5 பிப்ரவரி

முதல் வடிவத்தை வேண்டுமென்றே வெகுளியாக எழுதினேன்: படத்தை முழுதாக விரித்து, `fast_image_resize` நூலகத்தின் லான்சோஸ் வடிகட்டியால் சிறிதாக்கி, மீண்டும் ஜேபெக்காக எழுதுவது. பிறகு `perf record` கொண்டு நேரம் எங்கே போகிறது என்று பார்த்தேன். எதிர்பார்த்ததுபோலவே சிறிதாக்கும் பகுதி பட்டியலின் மேலே இல்லை. அந்த நூலகம் ஓடும்போதே செயலியைப் பார்த்து, ஏவிஎக்ஸ்2 இருந்தால் அந்தக் கட்டளைகளைப் பயன்படுத்திக்கொள்கிறது. அதற்குமேல் அங்கே பிடுங்க என்னிடம் எதுவும் இல்லை. மேலே நின்றவை ஜேபெக்கை விரிக்கும் செயற்கூறுகள்தாம். படத்தைச் சிறிதாக்கும் நிரல்களை ஒப்பிடும் பலர் வடிகட்டிகளின் வேகத்தை மட்டும் அளப்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

ஜேபெக் என்பது பிக்சல்களின் வரிசை அன்று. படம் 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டமும் 64 அதிர்வெண் கெழுக்களாகச் சேமிக்கப்படுகிறது. அவற்றுள் முதலாவது அந்தக் கட்டத்தின் சராசரியைக் குறிக்கிறது; மற்றவை மெல்ல மெல்ல நுணுக்கமான விவரங்களைச் சேர்க்கின்றன. எனவே எட்டில் ஒரு பங்கு அளவில் படம் வேண்டுமென்றால், ஒவ்வொரு கட்டத்திலும் முதல் கெழுவை மட்டும் எடுத்தாலே ஒரு பிக்சல் கிடைத்துவிடுகிறது. கால் பங்குக்கு நான்கு கெழுக்களும், அரைப் பங்குக்குப் பதினாறும் போதும். கேட்கப்படாத 72 மெகாபைட் பிக்சல்களை உருவாக்கி உடனே தூக்கி எறியும் வேலை இதனால் மிச்சமாகிறது.

இதில் ஓர் எல்லை உண்டு. கெழுக்களைச் சுருக்கி எழுதும் ஹஃப்மன் குறியீட்டின் ஒவ்வொரு பிட்டையும் வரிசையாகப் படித்தால்தான் அடுத்த கட்டம் எங்கே தொடங்குகிறது என்பது தெரியும். ஆகவே எட்டில் ஒரு பங்காக விரித்தாலும் வேகம் அறுபத்து நான்கு மடங்கு கூடிவிடாது. கோப்பைப் படித்துப் பிரிக்கும் செலவு அப்படியே நிற்கும்.

8 பிப்ரவரி

இன்று சுருக்கி விரிக்கும் பகுதியை எழுதினேன். `jpeg-decoder` தரும் `scale` செயற்கூறிடம் நமக்கு வேண்டிய அளவைச் சொன்னால், 1/8, 1/4, 1/2, 1 ஆகிய நான்கனுள், அகலம் அல்லது உயரம் ஒன்றிலாவது அந்த அளவுக்குக் குறையாத மிகச் சிறியதைத் தேர்ந்துகொள்கிறது.

1200×800 என்று நேரடியாகக் கேட்டால் அது கால் பங்கை எடுத்து 1500×1000 தரும், மீதி 1.25 மடங்கை லான்சோஸ் குறைக்க வேண்டும். வேகத்துக்கு இது நல்லதுதான், ஆனால் பட்டுப் புடவை இருக்கும் படங்களில் வேறுபாடு தெரிகிறது. ஜரிகைக் கரையின் குறுக்குக் கோடுகளை 200 விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்தபோது, முழுதாக விரித்துச் சிறிதாக்கிய படத்தில் மென்மையாகக் கலந்திருந்த கோடுகள் இதில் படிக்கட்டுபோல் உடைந்து தெரிந்தன. கெழுக்களை வெட்டிச் சிறிதாக்குவது ஏறக்குறைய கட்டம் கட்டமாகச் சராசரி எடுப்பதற்குச் சமம். அது பொய்யான கூர்மையை உண்டாக்குகிறது, எஞ்சிய 1.25 மடங்குக் குறைப்பால் அதை மறைக்க முடிவதில்லை.

libvips என்ற படச் செயலாக்க நூலகம் இதற்கு ஒரு வழியைப் பின்பற்றுகிறது: இறுதி வடிகட்டிக்குக் குறைந்தது இரண்டு மடங்கு வேலையை மீதி வைக்கிறது. நானும் அதையே எடுத்துக்கொண்டேன். வேண்டிய அளவைப் போல இரு மடங்கைக் கேட்கிறேன்.

```rust
let mut dec = Decoder::new(BufReader::new(file));
let (w, h) = dec.scale(tw.saturating_mul(2), th.saturating_mul(2))?;
let pixels = dec.decode()?;
```

இப்போது 2400×1600 கேட்கப்படுவதால் அரைப் பங்கு தேர்வாகி, 3000×2000 படம் வருகிறது, லான்சோஸ் 2.5 மடங்கு குறைக்கிறது. பிக்சல்களுக்கான மெமரி 72 மெகாபைட்டிலிருந்து 18 ஆகிறது. ஜரிகைக் கோடுகளை முழுதாக விரித்த படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. 300×200 சிறுபடங்களுக்கு 600×400 கேட்கப்பட்டு, எட்டில் ஒரு பங்காகிய 750×500 கிடைக்கிறது. இந்த நிரலின் வேகம் முழுவதும் மேலே உள்ள அந்த நடுவரியில்தான் இருக்கிறது.

9 பிப்ரவரி

விண்டோஸ் பக்கம் சிறிது வேலை. லினக்ஸில் `*.jpg` என்பதை ஷெல்லே கோப்புப் பெயர்களாக விரித்துத் தந்துவிடும். `cmd` அப்படிச் செய்யாமல் நட்சத்திரத்தையே நிரலிடம் கொடுத்துவிடும். `glob` நூலகத்தைச் சேர்த்தாயிற்று. விஷுவல் சி++ துணைக் கோப்புகள் இல்லாத கணினியிலும் ஓடுவதற்காக `-C target-feature=+crt-static` என்று கொடுத்துக் கட்டுகிறேன்.

12 பிப்ரவரி

ஒளியளவுக் கணக்கு. எஸ்ஆர்ஜிபி படத்தில் உள்ள எண்கள் ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் இல்லை. ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறி மாறி வரும் சதுரங்கப் பலகையைப் பாதியாகச் சுருக்கினால், எண்களை அப்படியே சராசரி எடுக்கும் நிரல் 128 தரும். உண்மையில் பாதி ஒளிக்கு உரிய எண் 188. இப்படி ஒரு படத்தைத் தயாரித்துக் கொடுத்தால், எந்த நிரல் எந்த வழியில் கணக்கிடுகிறது என்பது உடனே வெளிப்பட்டுவிடும். நம் படங்களில் இது இருண்ட பின்னணியில் உள்ள தொடர் விளக்குகளிலும் கருநீலப் புடவையின் மெல்லிய ஜரிகையிலும் தெரியும். அவை சிறிதாகும்போது இருக்க வேண்டியதைவிட மங்கிவிடுகின்றன.

சரியாகச் செய்ய வேண்டுமென்றால் எண்களை முதலில் நேர்விகித அளவுக்கு மாற்றி, சிறிதாக்கி, பிறகு பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். எட்டு பிட்டில் இதைச் செய்தால் இருண்ட பகுதிகளில் பட்டை பட்டையாக விழும். எனவே பதினாறு பிட் தேவை. சிக்கல் என்னவென்றால், கெழுக்களை வெட்டிச் சுருக்குவதும் மாற்றப்படாத எண்களின்மேல் நிகழும் சராசரிதான். அதை விட்டுவிட்டு முழு அளவில் விரித்தால் 24 மெகாபிக்சலுக்குப் பதினாறு பிட்டில் 144 மெகாபைட் ஆகிறது, வேகமும் போய்விடுகிறது. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள வழியில்லை.

`--linear` என்ற விருப்பத்தைச் சேர்த்து, அது இருக்கும்போது `scale` அழைக்கப்படாது என்று முடிவு செய்தேன். தேர்வுக்காக அனுப்பும் படங்களுக்கு அது வேண்டாம். ஸ்டூடியோவின் இணையப் பக்கத்தில் வைக்கும் சில படங்களுக்கு மட்டும் பயன்படட்டும்.

15 பிப்ரவரி

கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்கள். சென்சார் எப்போதும் கிடைமட்டமாகவே எழுதும். எந்தப் பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதை எக்ஸிஃப் குறிப்பில் ஓர் எண் சொல்லும். அந்த எண் 5 முதல் 8 வரை இருந்தால் அகலமும் உயரமும் இடம் மாறும். `kamadak-exif` கொண்டு இதை முதலிலேயே படித்துவிடுகிறேன், ஏனெனில் எவ்வளவு சுருக்கி விரிப்பது என்பதே இதைப் பொறுத்திருக்கிறது.

6000×4000 ஆகச் சேமிக்கப்பட்டு, 6 என்ற எண் கொண்ட படத்தைப் பயனர் 4000×6000 ஆகவே பார்க்கிறார். அவர் 800 அகலம் கேட்டால் விடை 800×1200. சேமிப்பு வடிவில் அது 1200×800. இந்த மாற்றத்தைச் செய்யாமல் சேமிப்பு அகலத்தை 800 என்று எடுத்துக்கொண்டால் 800×533 ஆகி, திருப்பியபின் 533×800 என்ற சிறிய படம் வந்து நிற்கும். திருப்பும் வேலையைச் சிறிதாக்கிய பிறகு செய்கிறேன். அப்போது திருப்ப வேண்டிய பிக்சல்கள் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். வெளிவரும் கோப்பில் அந்த எண்ணை எழுதக் கூடாது, எழுதினால் பார்வை நிரல் இன்னொரு முறை திருப்பிவிடும்.

18 பிப்ரவரி

பல கோப்புகளை ஒரே நேரத்தில் நடத்த `rayon` சேர்த்தேன். ஒரு படத்தைத் துண்டாக்கிப் பல த்ரெட்களுக்குக் கொடுப்பதைவிட, த்ரெட்டுக்கு ஒரு படம் என்று கொடுப்பதே இங்கே பொருத்தம், ஏனெனில் ஹஃப்மன் பகுதியைப் பொதுவாகத் துண்டாக்க இயலாது. `for_each_init` கொண்டு சிறிதாக்கும் பொருளையும் அதன் இடைக்கால நினைவிடத்தையும் படத்துக்குப் படம் புதிதாக ஒதுக்காமல் மறுபடி பயன்படுத்துகிறேன்.

மெமரியைக் கவனிக்க வேண்டியது இங்கேதான். சாதாரண ஜேபெக்கில் கணக்கு இதுவரை எழுதியதுபோலவே. ஆனால் படிப்படியாகத் தெளியும் புரோகிரசிவ் வகையில், எல்லாக் கெழுக்களும் கடைசி வரை கைவசம் இருக்க வேண்டும். நிறத் தகவல் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைக்கப்பட்ட 24 மெகாபிக்சல் படத்துக்கு அவை 36 மில்லியன் எண்கள், எண்ணுக்கு இரண்டு பைட் வீதம் 72 மெகாபைட். எவ்வளவு சிறியதாக விரித்தாலும் இது குறையாது. எட்டு த்ரெட்கள் ஓடினால் அரை கிகாபைட்டைத் தாண்டும். கேமரா இவ்வகையை எழுதுவதில்லை, ஆனால் திருத்தும் மென்பொருளிலிருந்து வெளிவந்தவை அப்படி இருக்கலாம். பழைய கணினிகளுக்கு `RAYON_NUM_THREADS=2` என்று வைத்துக்கொள்ளலாம் என உதவிக் குறிப்பில் எழுதிவைத்தேன்.

21 பிப்ரவரி

நிறம். மணமகளின் சிவப்புப் புடவை செங்கல் நிறமாகிவிட்டதாக நண்பர் ஒரு படத்தை அனுப்பினார். அது அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் இருந்த படம். சிறிதாக்கிய கோப்பில் நிறவெளியைச் சொல்லும் ஐசிசி விவரம் இல்லையென்றால், உலாவி அதை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டு நிறத்தை வெளிறச் செய்துவிடும். `icc_profile()` தருவதை `jpeg-encoder` நூலகத்தின் `add_icc_profile` வழியே அப்படியே வெளிக் கோப்பில் எழுதினால் பெரும்பாலான படங்களுக்குத் தீர்வு கிடைத்துவிடுகிறது.

இந்தப் படத்தில் மட்டும் ஐசிசி விவரமே கிடையாது. கேமராவிலிருந்து நேராக வரும் அடோபி ஆர்ஜிபி படங்கள் பெரும்பாலும் அதைச் சுமந்துவருவதில்லை. கோப்புப் பெயர் அடிக்கோட்டுடன் `_DSC` என்பதுபோலத் தொடங்கும், எக்ஸிஃபின் உள்ளே `R03` என்ற குறி இருக்கும், அவ்வளவுதான். இப்போது நிரல் அந்தக் குறியைக் கண்டால் படத்தை எழுதிவிட்டு, கோப்பின் பெயரோடு ஓர் எச்சரிக்கையை `stderr` இல் காட்டுகிறது. நிறவெளியை மாற்றித் தருவதை இந்த நிரலுக்குள் கொண்டுவரப் போவதில்லை. நண்பர் கேமராவின் அமைப்பை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிக்கொண்டார்.