அப்பா மாதிரி இல்லை, சித்தப்பா மாதிரி

இறந்துபோன தன் அப்பாவின் பழைய புகைப்படங்கள் 18-ஐக் கொடுத்து, ஓவியம் போல ஒரு உருவப்படம் கேட்டார் ஒருவர். அவற்றை வைத்து, ஒரு முகத்தைக் கற்றுக்கொள்ளும் சிறு துணை மாடலான லோராவைப் பயிற்றுவித்து, படம் வரையும் ஏஐ-யான ஸ்டேபிள் டிஃப்யூஷனில் ஐம்பது அறுபது முறை ஓட்டியதில் ஒரு முகம் சரியாக விழுந்தது. இடது இமை மட்டும் அந்த அப்பாவுக்குக் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் மறைத்துத் திருத்தி வரைய வைத்தேன். படத்தைப் பார்த்தவர் வெகுநேரம் பேசவில்லை.

ஏழு மாதம் கழித்து, அதே முகம் வேறு உடையில் வேண்டும் என்றார். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். திருத்துவதற்கு முந்தைய கோப்பு இருந்தது. படக்கோப்புக்குள் பதிந்திருக்கும் அமைப்புகளைக் காட்டும் `PNG Info`-வில் போட்டதும், நான் எழுதிய பிராம்ப்ட்டோடு எல்லாம் வந்தது.

```
Steps: 28, Sampler: DPM++ 2M Karras, CFG scale: 6,
Seed: 2914406617, Size: 512x768,
Lora hashes: "appa: 8c41d07e93ab"
```

ஓட்டினேன். வந்தவர் அப்பா இல்லை, சித்தப்பா. நிற்கும் விதம், வெளிச்சம் எல்லாம் அதேதான். தாடையும் மூக்கும் வேறு. புதுப் படத்தின் தகவலை அருகில் வைத்துப் பார்த்தபோதுதான் கடைசி வரி வேறாக இருந்தது தெரிந்தது. இடையில் ஒருநாள் லோராவை மறுபடி பயிற்றுவித்து, அதே `appa` பெயரிலேயே சேமித்திருக்கிறேன். பெயர் அதே, கோப்பின் கைரேகை போன்ற ஹேஷ் வேறு. நல்லவேளை, பழைய கோப்பு வேறொரு வட்டில் கிடந்தது. அதைப் போட்டதும் முகம் வந்துவிட்டது.

இமை வரவில்லை. திருத்திய கோப்பில், எவ்வளவு மாற்ற விட்டேன் என்று சொல்லும் `Denoising strength: 0.35`, படம் எந்தப் புள்ளிக் குழப்பத்திலிருந்து தொடங்கியது என்று சொல்லும் சீட் எண் இரண்டும் அந்தச் சுற்றுக்கு இருந்தன. ஆனால் எந்தப் படத்தின் மேல், எவ்வளவு இடத்தை மறைத்தேன் என்பது அதில் இல்லை. கோப்பு கடைசிச் சுற்றை மட்டும்தான் நினைவில் வைக்கிறது. மறைப்பைக் குத்துமதிப்பாக மறுபடி வரைந்து பார்த்தேன். இமை தாழ்ந்தது, பார்வை தூங்கிவழிந்தது. (வாட்ஸ்அப்பில் போய்வந்த படமாக இருந்தால் இந்தத் தகவல்கூட மிஞ்சியிருக்காது.)

அப்புறம்தான் பதிவேடு. லோராவின் பெயரில் தேதி. மூலப்படமும் மறைப்பும் தனிக் கோப்புகளாக அதே அடைவில். சொதப்பியவற்றையும் எழுதுகிறேன், என் கண்ணுக்குப் பட்டபடியே: "லோரா எடை 0.9: புகைப்படத்தின் முறைப்பு ஒட்டிக்கொண்டது. 0.75: சரி."

சீட் எண் இருந்தாலும், பிராம்ப்ட்டில் உடையை மாற்றினால் முகமும் நகர்ந்துவிடுகிறது. அதனால் அந்த ஆர்டருக்குத் திருத்திய பழைய படத்தையே எடுத்து, முகத்தைத் தொடாமல், கழுத்துக்குக் கீழே மட்டும் மறைத்து உடையை மாற்றிக் கொடுத்தேன். அந்த மறைப்பைச் சேமித்துவிட்டேன்.