தத்துவத்தை அடித்தேன், பஸ்ஸை உள்ளே விட்டேன்

தக்கலைக்காரத் தங்கச்சி ஒருத்தி இயற்பியல் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கிறாள். எப்படிப் பாடம் நடத்துகிறாள் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கற்பித்தல் அறிக்கையைப் பார்க்கச் சொன்னாள். முதல் வரியே 'சிந்தனையைத் தூண்டுவதே என் தத்துவம்'. எம்மா, இதை யாரும் எழுதலாமே, உன் வகுப்பில் என்ன நடந்தது என்று போனில் கேட்டேன்.

அப்புறம்தான் கதை வந்தது. பஸ்ஸும் ஆட்டோவும் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும்? 48 பேரில் 39 பேர் பஸ் என்று கைதூக்கினார்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு மறுபடி கேட்டால் 41!

தோல்வியை எப்படி அக்கா எழுத என்றாள். அதைத்தான் எழுதணும். மாணவர்களைத் தங்களுக்குள் பேசவிடும் இந்த முறை ஹார்வர்ட் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் பிரபலமாக்கியது. முதல் சுற்றிலேயே ஓரளவு பேருக்குச் சரியான விடை தெரிந்திருந்தால்தான் பேச்சு பலிக்கும், இங்கே இரண்டு விசையும் சமம் என்ற சரியான விடையைச் சொன்னது 9 பேர்தான், அதனால் தப்பு பரவிவிட்டது. மேற்கோள் வேண்டிய இடம் அதுதான், ஒன்று போதும்.

மறுநாள் இரண்டு சுருள்வில் தராசுகளைக் கோத்து இரண்டு பையன்களை இழுக்கச் சொல்லியிருக்கிறாள். ஒருவன் நல்ல பலசாலி, ஆனாலும் இரண்டிலும் ஒரே அளவு. "அப்ப ஆட்டோ மட்டும் ஏன் மிஸ் நசுங்குது?" என்று கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி. விசை சமம், நிறை குறைந்ததற்கு முடுக்கம் அதிகம், உடம்பும் லேசு. அந்தக் கேள்வியை அப்படியே அறிக்கையில் போடச் சொன்னேன். மாதத் தேர்வில் 31 பேர் சரி, மீதி 17 பேரையும் மறைக்காமல் எழுதியிருக்கிறாள்.