“அவர் எங்கள் டாக்டர் இல்லை” என்றார்கள்

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். 2022 ஜூனில், ஒன்பது வயது மகன் மாடிப்படியில் விழுந்து வலது முன்கை எலும்பை முறித்துக்கொண்டான். பக்கத்துத் தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடினோம். டியூட்டி டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார். வந்தவர் வாரத்தில் சில நாள் மட்டும் அங்கே வந்துபோகிற கன்சல்டன்ட். எலும்பை நேர்ப்படுத்தி மாவுக்கட்டுப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

இரவு பத்து மணி முதல் பையன் கதறினான். விரல்கள் வீங்கியிருந்தன. நான் தொட்டு நிமிர்த்திப் பார்த்தபோது அலறிவிட்டான். நர்ஸ் வலி ஊசி போட்டார். இரண்டு மணிக்கு மறுபடி ஊசி. கன்சல்டன்டுக்குப் போன் செய்ததில், “கையைத் தூக்கி வையுங்கள், காலையில் பார்க்கிறேன்” என்று பதில் வந்தது. காலையில் அவர் கட்டைப் பிளந்தபோது தசை பாழாகியிருந்தது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவில் தசையுறையைக் கிழித்து அழுத்தத்தை இறக்கினார்கள். கை பிழைத்தது. ஆனால் மூன்று விரல்கள் முழுதாக நிமிர்வதில்லை.

மருத்துவப் பகுதி இவ்வளவுதான். அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேஸ் ஷீட் நகல் கேட்டு இரண்டு முறை வாய்மொழியாகக் கேட்டு வீணாக அலைந்தேன். 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் எழுதிக் கொடுத்து முத்திரையுடன் ஒப்புகை வாங்கினால்தான் எப்போது கேட்டோம் என்பதைக் காட்ட முடியும். மூன்றாவது முறை அப்படிச் செய்தேன். நகல் வந்தது.

நிர்வாக அதிகாரியைச் சந்தித்தபோது அவர் சொன்னது: “நர்ஸ் தவறு செய்யவில்லை, டாக்டருக்குத் தெரிவித்துவிட்டார். டாக்டர் தவறு செய்திருந்தால் அவரிடம் கேளுங்கள். அவர் எங்கள் ஊழியர் இல்லை, வந்துபோகிறவர்.” கேட்க நியாயமாகத்தான் இருந்தது! தவறு நர்ஸுடையது இல்லை, டாக்டர் மருத்துவமனையுடையவர் இல்லை. ஆகவே பில்லை வாங்கிக்கொண்ட அந்தக் கட்டடத்துக்கு எதிலும் பங்கில்லை. அந்தப் பேச்சில் மயங்கி அரும்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கவுன்சிலுக்கு ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் மருத்துவரின் பதிவு குறித்து நடவடிக்கை எடுக்கலாமே தவிர, இழப்பீடு வாங்கித் தரமாட்டார்கள், மருத்துவமனையை விசாரிக்கவும் மாட்டார்கள்.

பிறகுதான் வழக்கறிஞரிடம் போனேன். அவர் விளக்கியது இதுதான். சம்பளம் வாங்கும் நர்ஸோ டியூட்டி டாக்டரோ தவறினால், தவறு நடந்ததை மட்டும் நிரூபித்தால் போதும். முதலாளி என்ற முறையில் மருத்துவமனை பொறுப்பேற்றாக வேண்டும். வந்துபோகும் கன்சல்டன்ட் தவறினால் கூடுதலாக ஒரு கேள்வி எழும்: அவரை நோயாளிக்காகத் தேர்ந்தெடுத்தது யார்? மருத்துவமனை என்றால் அது தப்ப முடியாது. சவிதா கர்க் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம், மருத்துவர் நிரந்தரப் பணியாளரா வருகை தருபவரா என்பதைக் காட்டி மருத்துவமனை கைகழுவ முடியாது என்று சொல்லியிருக்கிறது. மருத்துவரை எதிர்த்தரப்பாகச் சேர்க்காததால் மட்டும் புகார் தள்ளுபடியாகாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மாறாக, மருத்துவரை நோயாளியே தேடிப் பிடித்து, மருத்துவமனை வெறும் அறையும் அறுவை அரங்கும் வாடகைக்குக் கொடுத்திருந்தால், அதன் மீது பழி போடுவது கடினம்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் கோபத்தில் மருத்துவமனைக்கு நானே எழுதிய முதல் கடிதத்தில், “கைராசிக்காரர் என்று கேள்விப்பட்டு நாங்கள் நம்பிய டாக்டர் இப்படிச் செய்துவிட்டாரே” என்று அழகாக ஒரு வரி சேர்த்திருந்தேன். உண்மையில் அவர் வந்து நின்ற பிறகுதான், பக்கத்துப் படுக்கைக்காரர் அவரைப் பற்றி அப்படிச் சொன்னார். ஆனால் மருத்துவமனையின் பதிலுரையில் அந்த வரி தடித்த எழுத்தில் வந்தது: “மனுதாரர் மருத்துவரின் புகழை அறிந்து அவருக்காகவே வந்தார்.” வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு முன் யாரும் கடிதம் எழுதித் தொலைக்காதீர்கள்.

எங்களைக் காப்பாற்றியது கேஸ் ஷீட்டின் முதல் பக்கம். அவசரப் பிரிவில் பதிவான நேரம் இரவு 7.10. அதற்குக் கீழே டியூட்டி டாக்டரின் கையெழுத்தில் “8.20, ஆர்த்தோ அழைக்கப்பட்டார்” என்று இருந்தது. நாங்கள் யாருக்காகவோ வந்திருந்தால், எழுபது நிமிடம் கழித்து மருத்துவமனை ஏன் அவரை அழைக்க வேண்டும்? இறுதி பில்லில் “கன்சல்டன்ட் கட்டணம்” என்று ஒரு வரி. மொத்தப் பணமும் மருத்துவமனை ரசீதில்தான் போயிருந்தது, டாக்டர் கையில் ஒரு பைசாகூடத் தரவில்லை. முகப்புப் பலகையில் அவர் பெயர் இருந்ததைப் படம் எடுத்து வைத்திருந்தேன். நல்ல வேளை, நோட்டீஸ் போனதும் அந்தப் பெயர் மறைந்துவிட்டது.

மருத்துவமனை தனக்கும் டாக்டருக்குமான ஒப்பந்தத்தையும் நீட்டியது. அவர் சுயேச்சையானவர், தவறுக்கு அவரே பொறுப்பு என்று அதில் இருந்தது. அது அவர்கள் இருவருக்குள் பின்னால் கணக்குத் தீர்த்துக்கொள்வதற்கான தாள், அதில் கையெழுத்துப் போடாத பையனை அது கட்டுப்படுத்தாது என்பது எங்கள் வாதம்.

நர்ஸ் விஷயம் வேறு மாதிரி. அவர் சம்பளக்காரர் என்பதில் தகராறே இல்லை. எனவே சண்டை முழுவதும் “தவறா, இல்லையா” என்பதில்தான். “நாடித் துடிப்பு இருந்தது, ஆகவே ரத்த ஓட்டம் சரி” என்றார்கள். ஸ்டான்லி மருத்துவர் தந்த குறிப்பு அதை உடைத்தது: தசைக்குள் அழுத்தம் ஏறும்போது நாடி கடைசிவரை இருக்கலாம், விரலை நிமிர்த்தினால் வரும் கடும் வலியும் மருந்துக்கு அடங்காத வலியும்தான் முதல் அடையாளம். இரவுக் குறிப்பில் ஊசி போட்ட நேரங்கள் இருந்தன. விரல்களின் நிறம், அசைவு, உணர்வு பற்றி ஒரு சொல்கூட இல்லை. பார்க்கவில்லையா, பார்த்தும் எழுதவில்லையா என்று குறுக்கு விசாரணையில் கேட்டபோது மேற்பார்வை நர்ஸ் மௌனமாக இருந்தார்.

மனுவை வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2024 பிப்ரவரியில் தாக்கல் செய்தோம். இரண்டு ஆண்டுக் காலவரம்பு முடியச் சில மாதங்களே இருந்தன. காவல் நிலையம், கவுன்சில் என்று அலைந்து காலத்தைத் தின்றவர்கள் கவனிக்க. வழக்கு எந்த ஆணையத்துக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நாம் கேட்கும் இழப்பீடு அல்ல, நாம் கட்டிய பணம். நான் கட்டியது அறுபதாயிரத்துச் சொச்சம். ஐந்து லட்சம் வரை மனுக்கட்டணமே இல்லை.

டாக்டரையும் இரண்டாம் எதிர்த்தரப்பாகச் சேர்த்தோம். வீட்டு முகவரி தர மருத்துவமனை மறுத்ததால் முதல் நோட்டீஸ் திரும்பி வந்து ஒரு வாய்தா வீணானது. அதன்பின் மருத்துவமனைக்கும் டாக்டருக்கும் தனித்தனி வழக்கறிஞர், தனித்தனி காப்பீட்டு நிறுவனம். ஆளுக்கொரு பக்கம் இழுத்த காரணம் அப்போதுதான் புரிந்தது: யாருடைய பாலிசி பணம் கட்டுவது என்பதே அவர்களுக்குள் பிரச்சினை.

2025இல் தீர்ப்பு வந்தது. இறுக்கமான கட்டும் இரவில் வராமல் இருந்ததும் டாக்டரின் தவறு, விரல்களைக் கவனிக்காதது நர்ஸின் தவறு, இரண்டுக்கும் மருத்துவமனை பொறுப்பு. மருத்துவமனையும் டாக்டரும் இழப்பீட்டைக் கூட்டாகவும் தனித்தனியாகவும் கட்ட வேண்டும் என்றார்கள். அதாவது டாக்டர் கட்டாவிட்டால் முழுத் தொகையையும் மருத்துவமனையிடமே நான் வசூலிக்கலாம்.

மருத்துவமனை மேல்முறையீடு செய்திருக்கிறது. அதற்கே பாதித் தொகையை முன்கூட்டிக் கட்டியாக வேண்டும் என்பதால் அந்தப் பணம் மாநில ஆணையத்தில் கிடக்கிறது. மகன் இடது கையால் எழுதப் பழகிவிட்டான். தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு மருத்துவச் சான்றிதழுக்கு அடுத்த வாரம் மறுபடி ஸ்டான்லிக்குப் போகிறோம்.