இதயப் படத்தில் அம்புகள் மோதிக்கொண்டால்: மறுமதிப்பீட்டில் நான் பட்ட பாடு

மறுமதிப்பீட்டுக்கு வந்த உயிரியல் தாள். மற்ற கேள்விகளில் ஒரு சிக்கலும் இல்லை. இதயத்தின் உள்ளமைப்புப் படத்துக்கு மட்டும் பாகம் குறித்ததற்கு மூன்று மதிப்பெண்ணில் அரைதான் விழுந்திருந்தது. ஆறு பாகங்கள், ஒவ்வொன்றுக்கும் அரை. ஐந்து பாகங்கள் அடிபட்டிருந்தன. ஆனால் படமோ சுத்தமாக இருந்தது. இடது வெண்ட்ரிக்கிளின் சுவரைத் தடிமனாகப் போட்டிருந்த பிள்ளைக்குப் பெருந்தமனி எது என்று தெரியாமல் போகுமா? அந்த உறுத்தல்தான் என்னை விடவில்லை.

கோளாறு எங்கே என்று பார்த்தால், ஆறு பெயர்களும் தாளின் வலது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நெருக்கி எழுதப்பட்டிருந்தன. மேற்பெருஞ்சிரை படத்தின் இடது பக்கம் இருக்கிறது. அதற்கான கோடு வலது ஓரத்தில் கிளம்பி, நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் தாண்டிப் போக வேண்டும். பெருந்தமனிக்குப் பென்சிலால் நிழல் வேறு கொடுத்திருந்தது. திரையில் வந்த ஸ்கேனில் அந்த நிழலுக்குள் கோடு கரைந்துவிட்டது. பார்ப்பவர் கண்ணுக்கு, பெருந்தமனியின் மேல் இரண்டு பெயர்கள். ஒரே பாகத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் இரண்டுக்கும் மதிப்பெண் இல்லை என்பது எங்களுக்குத் தரப்பட்ட விடைக்குறிப்பு. முதலில் திருத்தியவர் இரண்டையும் அடித்துவிட்டார்.

பெருந்தமனிக்கு இடப்பக்கம் ஒரு சின்னத் துண்டுக்கோடு, நுனியில் அம்புத்தலையோடு. திரையில் ஸ்கேலை ஒட்டிவைத்துப் பார்த்தேன். வலது ஓரத்துக் கோடும் இந்தத் துண்டும் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. அசல் தாளைப் பார்த்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அங்கேதான் அலைச்சல். “ஸ்கேனில் தெரியாதது இல்லாததுதான்” என்றார் பொறுப்பாளர். தாள் வைத்திருக்கும் அறையில் எழுத்துமூலக் கடிதம் கேட்டார்கள். கடிதத்தோடு போனால் தலைமைத் தேர்வாளரின் கையொப்பம் வேண்டும் என்றார்கள், அவரோ கிளம்பிவிட்டிருந்தார். முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு நடை மிச்சமாகியிருக்கும். ஒருவழியாகத் தாள் கைக்கு வந்ததும் ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தேன். நிழலுக்குள் கோடு அழுந்திய தடம் பளிச்சென்று தெரிந்தது. பெருந்தமனியைக் கடந்து மேற்பெருஞ்சிரையின் நடுவில்தான் முடிந்திருந்தது. இரண்டு அரைகள் திரும்பின.

அடுத்தது நுரையீரல் தமனியும் நுரையீரல் சிரையும். பட்டியலில் சிரை மேலே, தமனி கீழே. படத்தில் தமனியின் கிளை மேலே, சிரை அதற்குச் சற்றுக் கீழே. இரண்டு கோடுகளும் நடுவில் குறுக்கே வெட்டிக்கொண்டன. பெயருக்கு நேர் எதிரே இருக்கும் குழாயை மட்டும் பார்த்தால் இரண்டும் தப்பாகத் தெரியும். அப்படித்தான் அடிபட்டிருந்தன. நான் எப்போதும் பெயரிலிருந்து தொடங்குவதில்லை. அம்புநுனி தொடும் குழாய் எது என்று முதலில் தீர்மானிப்பேன்: இடது ஏட்ரியத்தில் வந்து சேர்ந்தால் சிரை, வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து கிளம்பினால் தமனி. பிறகு நுனியிலிருந்து பின்னோக்கிப் பெயர்வரை வருவேன். வெட்டும் இடத்தில் கோடு நேராகப் போகிறதா, வளைந்து திரும்புகிறதா என்ற சந்தேகம் வரும். இந்தப் பிள்ளை எல்லாக் கோட்டையும் ஸ்கேல் வைத்துப் போட்டிருந்ததால் வளைவுக்கு இடமில்லை. நேராகப் போனால் இரண்டும் சரி.

ஈரிதழ் வால்வுக்கு மட்டும் என்னால் கொடுக்க முடியவில்லை. அம்புநுனி வால்வின் இதழ்களையும் அவற்றைப் பிடித்திருக்கும் நாண்களையும் தாண்டி, இடது வெண்ட்ரிக்கிளின் வெற்று அறையில் நின்றது. பக்கத்தில் வேறு கோடு எதுவும் இல்லை, நெரிசலைக் காரணம் காட்ட வழியில்லை. பிள்ளைக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாலும் நுனி காட்டும் இடத்துக்குத்தான் மதிப்பெண்.

அரை இரண்டரை ஆனது. கையெழுத்தாகி வெளியே வரும்வரை பொறுப்பாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

திருத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அசல் தாள் கேட்கும் கடிதத்திலேயே தலைமைத் தேர்வாளரின் கையொப்பத்தை வாங்கிக்கொண்டு போங்கள். “கோடு நிழலில் மறைகிறது, மறுபுறம் தொடர்கிறது” என்று காரணத்தையும் எழுதிவிடுங்கள், மறுக்க முடியாது. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர்கள், வலது ஏட்ரியம், மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை மூன்றையும் படத்தின் இடப்பக்கமே குறிக்கப் பழக்குங்கள். குழாய்களுக்கு நிழல் வேண்டவே வேண்டாம்.