நாற்பது வீச்சும் பத்து வீச்சும்

வன்னிக் குளங்களில் மீன் கணக்கெடுக்கும்போது எல்லாக் குளத்திலும் ஒரே அளவு வேலை நடப்பதில்லை. இரணைமடுவைப் போல வீதியை அண்டிய குளத்தில் விடியற்காலையில் தொடங்கி மதியம் வரை வலை வீசலாம். காட்டுக்குள் இருக்கும் சிறு குளத்தில் யானை நடமாட்டத்தால் பொழுது சாயுமுன் வெளியேற வேண்டும். கண்ணிவெடி அகற்றாத பகுதியை ஒட்டிய கரையில் கால்வைக்கவே முடியாது. இந்த ஏற்றத்தாழ்வு யாருடைய கவனக்குறைவும் அல்ல. ஆனால் அறிக்கை எழுதும்போது அது மறைந்து, "முதற்குளத்தில் 14 இனம், இரண்டாம் குளத்தில் 10 இனம்" என்ற ஒரு வரி மட்டும் மிஞ்சும். தவறு அந்த வரியில்தான் தொடங்குகிறது.

கணக்கு விளங்குவதற்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். முதற்குளத்தில் 40 வீச்சு, 120 மீன், 14 இனம். இரண்டாம் குளத்தில் 10 வீச்சு, 30 மீன், 10 இனம். முதற்குளத்தில் இனம் கூட என்று சொல்லத் தோன்றும். வீச்சின் தொகையால் வகுத்தால் சரியாகிவிடும் என்பது அடுத்த தவறு. அப்போது 0.35 எதிர் 1 என்று வந்து, இரண்டாம் குளம் ஏறத்தாழ மூன்று மடங்கு செழுமையானதாகத் தெரியும். இனங்கள் நேர்கோட்டில் கூடுவதில்லை. முதல் சில வீச்சுகளில் திலாப்பியா, கெண்டை, கெளிறு என்று புதிதுபுதிதாக வரும். பிறகு வருவதெல்லாம் பெரும்பாலும் அதே திலாப்பியாதான். குறைவாக வீசியவருக்கு வகுத்தல் எப்போதும் சாதகமாகவே இருக்கும்.

செய்ய வேண்டியது ரேரிஃபாக்சன், அதாவது ஐதாக்கல். முதற்குளத்தின் 120 மீனிலிருந்து எழுந்தமானமாக 30 மட்டும் எடுத்திருந்தால் சராசரியாக எத்தனை இனம் கிடைத்திருக்கும் என்று கேட்கிறோம். இதை 1968இல் சாண்டர்ஸ் கடலடி விலங்குகளுக்காக முன்வைத்தார். அவருடைய கணிப்பு முறையை 1971இல் ஹர்ல்பர்ட் திருத்தினார். ஓர் இனத்தின் ஒரு மீன்கூட அந்த 30இல் அகப்படாமல் போகும் வாய்ப்பை ஒன்றிலிருந்து கழித்து, எல்லா இனத்துக்கும் கூட்டுவதே கணக்கு.

முதற்குளத்தில் இனவாரியான எண்ணிக்கை 50, 25, 15, 10, 6, 4, 2, 2, பிறகு ஒவ்வொன்றாக அகப்பட்ட ஆறு இனம் என்று கொள்வோம். ஒரே ஒரு மீனாக வந்த இனம் 30இல் இருக்கும் வாய்ப்பு 30/120, அதாவது 0.25. ஆறு இனத்துக்கும் சேர்த்து 1.5தான். இரண்டிரண்டாக வந்தவற்றுக்குத் தலா 0.44. பத்து மீன் வந்த இனத்துக்கு 0.95. மற்ற இனங்களையும் இப்படியே கூட்டினால் மொத்தம் 7.8 இனம். பதினான்கில் ஏறத்தாழப் பாதி, கூடுதலாக வீசியதால் வந்தது. R மொழியின் vegan பொதியில் இதே கணக்கு:

```
library(vegan)
A <- c(50,25,15,10,6,4,2,2, rep(1,6))
rarefy(A, sample = 30, se = TRUE)
```

இங்கே அவசரப்படக்கூடாது. 7.8ஐ விட 10 பெரிது, ஆகவே இரண்டாம் குளமே செழுமையானது என்று எழுதிவிட முடியாது. அந்த 7.8இன் நியம வழு, அதாவது தற்செயலால் அது ஏறி இறங்கக்கூடிய அளவு, ஏறத்தாழ 1.4. இருபக்கமும் அதன் இருமடங்கை விட்டால் 5 முதல் 10.6 வரை போகும். 10 அதற்குள் அடங்கிவிடுகிறது. முதற்குளம் கூட என்ற கூற்றுக்கு ஆதாரம் இல்லை என்பது மட்டும் உறுதி. மற்றக் கூற்றை நிறுவ வேண்டுமானால் இரண்டாம் குளத்துக்குத் திரும்பிப் போய் இன்னும் வீச வேண்டும். 30 மீனில் பத்து இனம் வந்த இடத்தில் இன்னும் பிடிபடாதவை இருக்கவே செய்யும். ஐதாக்கல் பெரியதைச் சிறியதன் அளவுக்கு இறக்குமே தவிர, வலையில் விழாததைக் கொண்டுவந்து தராது.

எல்லா ஏற்றத்தாழ்வையும் இது சரிசெய்யும் என்று நம்புவதும் பிழை. ஒரு குளத்தில் சிறுகண் வலையும் மற்றதில் பெருங்கண் வலையும் வீசியிருந்தால், பெருங்கண்ணில் சிறு மீன்கள் நழுவிவிடும். எந்தக் கணக்கும் அதை மீட்காது. கோடையில் வற்றிச் சுருங்கிய குளத்தையும் மாரியில் நிறைந்த குளத்தையும் ஒப்பிடுவதும் அப்படித்தான்.

இன்னொரு சிக்கல், மீன்கள் கூட்டமாக அகப்படுவது. மேலே செய்த கணக்கு ஒவ்வொரு மீனும் தனித்தனியாக அகப்பட்டது போல் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் ஒரே வீச்சில் இருபது குஞ்சுகள் ஒன்றாக ஏறும். அப்போது 30 மீன் என்பது 30 தனித்தனி வாய்ப்புகள் அல்ல, இரண்டு மூன்று வீச்சுகளாகவே இருக்கலாம். அதனால் மீனுக்குப் பதிலாக வீச்சையே அலகாக வைத்து, 40 வீச்சிலிருந்து 10 வீச்சை எழுந்தமானமாக எடுத்து ஐதாக்குவது நல்லது. vegan பொதியில் `specaccum` அதற்கானது.

அதற்கு ஒவ்வொரு வீச்சிலும் எந்த இனம், எத்தனை என்று கரையிலேயே தனித்தனி வரியாக எழுதியிருக்க வேண்டும். எதுவுமே அகப்படாத வீச்சுக்கும் ஒரு வரி தேவை. அதில் பூச்சியம் எழுத வேண்டும். நாள் முடிவில் எல்லா மீனையும் ஒரே வாளியில் கொட்டிவிட்டு இனப்பட்டியல் மட்டும் எழுதிய தாளிலிருந்து, மீன்வாரியாகவோ வீச்சுவாரியாகவோ எதையும் ஐதாக்க முடியாது.